லிங்க்ட்இன் முகவரியை உங்கள் பெயருக்கு மாற்றி ரெஸ்யூமில் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ரெஸ்யூம் அடித்துக்கொள்ளப் பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முன்பெல்லாம் பயோடேட்டாவில் அப்பா பெயர், வீட்டு விலாசம், தெரிந்த மொழிகள் என்று எழுதினால் போதும். இப்போது பல கம்பெனிகளின் ஆன்லைன் விண்ணப்பத்திலேயே லிங்க்ட்இன் முகவரிக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரெஸ்யூமில் மற்ற வரிகளை எல்லாம் நான்கு முறை படித்துப் பார்க்கும் பிள்ளைகள், இந்த ஒரு வரியைப் படிப்பதே இல்லை. தவறும் அங்கேதான் நடக்கிறது. கடையில் என்னிடம் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, கணக்கு தொடங்கும்போதே ஒரு முகவரி தானாக வந்துவிட்டது. அதையே போட்டால் என்ன?

போடலாம், திறக்கும். ஆனால் அது எப்படி இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். அலைமதி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காக நானே வைத்த பெயர். அப்பா பெயர் சவரிமுத்து. பள்ளிச் சான்றிதழில் S. ALAIMATHI என்று இருக்கிறது. இந்தப் பெண் கணக்குத் தொடங்கினால் லிங்க்ட்இன் தருகிற முகவரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
www.linkedin.com/in/alaimathi-s-1b0a17293
```

பெயருக்குப் பின்னால் வரும் அந்த வால் யாருக்கும் நினைவில் நிற்காது. போனில் எடுத்துச் சொல்லவும் முடியாது. கணினியில் தட்டித் திறப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. காகிதத்தில் பார்த்து டைப் செய்பவருக்குத்தான் சிக்கல்: 1 என்பதை l என்று படிப்பார், 0 என்பதை o என்று அடிப்பார். ஒரு எழுத்து மாறினாலும் பக்கம் இல்லை என்றுதான் வரும். கல்லூரி வளாகத் தேர்விலும் வேலைவாய்ப்பு முகாமிலும் இன்றைக்கும் ரெஸ்யூமைக் காகிதமாகத்தான் வாங்குகிறார்கள். அதனால்தான் வாலை நீக்கச் சொல்கிறேன். இதற்குக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

பிரவுசரில் மேலே இருந்ததைக் காப்பி செய்து ரெஸ்யூமில் ஒட்டிவிட்டேன். என் போனில் தட்டினால் என் பக்கம்தான் வருகிறது. அப்படியென்றால் சரிதானே?

உங்கள் போனில் வருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் ஒட்டிய முகவரி இப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்:

```
www.linkedin.com/in/me/
```

இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இதில் me என்பது ஒருவருடைய பெயர் அல்ல. யார் லாகின் செய்திருக்கிறாரோ அவரைக் குறிக்கும் சொல். நீங்கள் திறந்தால் உங்கள் பக்கம் வரும், நான் திறந்தால் என் பக்கம் வரும். கம்பெனி அதிகாரி திறந்தால் அவருடைய பக்கமே அவருக்கு வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெண் பட்ட சங்கடத்தால். ஒரு முகாமுக்கு முந்தின நாள் இரவு கடையில் நல்ல கூட்டம். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கை நான் அப்படியே ஒட்டி, அச்சடித்து, பிடிஎஃப் ஆகவும் மெயிலில் அனுப்பிக் கொடுத்தேன். மறுநாள் நேர்காணலில் எதிரில் இருந்தவர் லிங்க்கைத் தட்டியிருக்கிறார். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, ‘இது யார் என்று பாரம்மா’ என்று கேட்டிருக்கிறார். திரையில் அவருடைய படமே இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்குக் குரல் எழும்பாமல் பதில் சொன்னதாக வந்து சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. தவறு என்னுடையது. நான் வேறு ஒரு போனில் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொரு வகையும் வரும். லிங்க்ட்இன் செயலியில் பகிர்வு பொத்தானை அழுத்தி எடுத்தால், முகவரிக்குப் பின்னால் நீளமாக ஒன்று தொங்கும்:

```
?utm_source=share&utm_campaign=share_via&utm_content=profile&utm_medium=android_app
```

இந்த முகவரி தவறில்லை, சரியான பக்கத்துக்கே போகும். கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் இருப்பதும், லிங்க் எந்த வழியாகப் பகிரப்பட்டது என்று கணக்கு வைப்பதற்கானவை. கேள்விக்குறியிலிருந்து முழுவதையும் அழித்துவிடலாம். அழிக்காமல் விட்டால் ரெஸ்யூமில் இரண்டு வரி அடைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கே போய் மாற்ற வேண்டும்? என்னிடம் கணினி இல்லை, போன்தான் இருக்கிறது.

போனிலேயே செய்யலாம். செயலியில் தேடி அலைய வேண்டாம், அங்கே பொத்தான்களின் இடம் அடிக்கடி மாறுகிறது. குரோம் போன்ற ஒரு பிரவுசரைத் திறந்து, அதில் லிங்க்ட்இன் லாகின் செய்துகொண்டு, மேலே முகவரிக் கட்டத்தில் இதை நீங்களே டைப் செய்யுங்கள்:

```
www.linkedin.com/public-profile/settings
```

வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய லிங்க்காகத் தட்டினால் போன் அதைச் செயலிக்குள் கொண்டுபோய்விடக்கூடும். அதனால்தான் டைப் செய்யச் சொல்கிறேன். திறக்கும் பக்கத்தில் Edit your custom URL என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழே உங்கள் இப்போதைய முகவரியும், பக்கத்தில் ஒரு பென்சில் குறியும் தெரியும். பென்சிலைத் தட்டினால் in/ என்பதற்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் திருத்தும்படி திறக்கும். முன்பகுதியை யாராலும் மாற்ற முடியாது. வேண்டியதை அடித்து Save கொடுங்கள்.

கணினி இருந்தால் உங்கள் புரொஃபைல் பக்கத்துக்குப் போங்கள். வலது பக்கம் Public profile & URL என்று இருக்கும். அதைத் தட்டினால் இதே பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்.

நீளம் 3 எழுத்திலிருந்து 100 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் போடலாம், நடுவில் சிறு கோடும் போடலாம். இடைவெளி, புள்ளி, மற்ற குறிகள் கூடாது. linkedin என்ற சொல்லையும் அதற்குள் வைக்க முடியாது. பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேறுபாடு கிடையாது, எல்லாம் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படும். சின்ன எழுத்திலேயே வையுங்கள், படிக்க எளிது.

என் பெயரை அடித்தால் கிடைக்காது என்கிறது. வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். பின்னால் 123 சேர்த்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதுதான் அங்கே முறை. எடுத்தவரிடமிருந்து லிங்க்ட்இன் வாங்கித் தராது. ஆனால் 123 போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இது கூடுதல் வேலை, ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு.

அலைமதிக்கே வருவோம். மின்சாரப் பிரிவில் டிப்ளமோ முடித்திருக்கிறாள். கமுதி சூரிய மின் நிலையம் போன்ற இடங்களில் வேலை கிடைத்தால் போவாள், வளைகுடா நாட்டில் கிடைத்தாலும் போவாள். alaimathi என்பது போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மீதி இருக்கும் வழிகள் இவை:

```
alaimathi-s
alaimathi-eee
alaimathi-ramnad
alaimathi-savarimuthu
```

முதலாவது சுருக்கமானது, ரெஸ்யூமின் தலைப்பில் உள்ள பெயரோடு பொருந்துகிறது. அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே எழுத்து இனிஷியலோடு கூடிய பெயர்களை முன்பே பலர் எடுத்திருப்பார்கள்.

இரண்டாவதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மின்சாரம் படித்துவிட்டு மென்பொருள் சோதனைக்குப் போனவர்களை இந்தக் கரையிலேயே எத்தனையோ பேர் பார்க்கலாம். மூன்று வருடம் கழித்து அந்த மூன்று எழுத்து உங்களைப் பற்றித் தவறான தகவல் சொல்லிக்கொண்டிருக்கும். கம்பெனிப் பெயரையோ, இப்போது தங்கியிருக்கும் நகரத்தின் பெயரையோ சேர்ப்பதும் இதே போலத்தான். வேலையும் ஊரும் மாறும், அச்சடித்துக் கொடுத்த ரெஸ்யூம் மாறாது.

மூன்றாவதில் குற்றம் சொல்ல மாட்டேன். பிறந்த மாவட்டம் எங்கே போனாலும் மாறாது. எண் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் எடுக்கச் சொல்வது நான்காவதை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அங்கே நம்மவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறார்கள். அலைமதியின் பாஸ்போர்ட்டில் ALAIMATHI என்பது பெயர், SAVARIMUTHU என்பது குடும்பப் பெயர். வளைகுடா கம்பெனி விசாவுக்கு எழுதப்போவது அந்தப் பெயரைத்தான். ரெஸ்யூம் தலைப்பிலும், லிங்க்ட்இன் பக்கத்திலும், முகவரியிலும் அதே பெயர் அதே எழுத்துக்கூட்டலில் இருந்தால், மூன்றும் ஒரே ஆளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பெயரில் 9 எழுத்து, ஒரு கோடு, அப்பா பெயரில் 11 எழுத்து, மொத்தம் 21. இது நீளமே இல்லை.

எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் ‘த’வை th என்றும் dh என்றும் எழுதுகிறோம். ‘ழ’வுக்கு zh, l என்று இரண்டு வழி. அலைமதி என்பதை alaimadhi என்று எழுதினாலும் படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சான்றிதழில் th இருக்கிறது. சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடியுங்கள். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால், இப்போது எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அங்கே எந்த ஆவணம் கேட்பார்களோ அதன்படி வையுங்கள்.

பெண்பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் என்ன செய்வது? படிப்புச் சான்றிதழில் உள்ள பெயர் மாறப்போவதில்லை. அதை வைத்தே முகவரி எடுத்திருந்தால் எதையும் மாற்ற வேண்டி வராது.

பிறந்த வருடத்தைச் சேர்த்தால் எளிதாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். கூடவே உங்கள் வயதை, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். போன் எண்ணையும் சேர்க்காதீர்கள். அந்தப் பக்கம் உலகத்துக்கே திறந்திருப்பது, எண்ணை எடுத்துத் தொந்தரவு செய்பவர்களும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

புரொஃபைலில் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். முகவரியும் தமிழில் இருந்தால் பெருமைதானே?

பெருமைதான், நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஆனால் இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக மாறுகிறது. ‘அலைமதி’யில் ஐகாரக் கொம்பையும் இகரக் கொக்கியையும் தனியாக எண்ணினால் ஆறு குறிகள். முகவரியைக் காப்பி செய்து ரெஸ்யூமில் ஒட்டினால் அவை இப்படி விழும்:

```
%E0%AE%85%E0%AE%B2%E0%AF%88%E0%AE%AE%E0%AE%A4%E0%AE%BF
```

பிரவுசரின் மேல்கட்டத்தில் தமிழாகவே தெரியும், அதனால் ஒட்டும்வரை இது யாருக்கும் தெரிவதில்லை. ஆறு குறிக்கு 54 எழுத்து. பக்கத்தில் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாமா? எத்தனை முறை?

ஆறு மாதத்தில் ஐந்து முறை வரை மாற்றலாம். அதற்கு மேல் போனால் பூட்டிவிடும், அடுத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு முகவரிதான்.

எண்ணிக்கையைவிட வரிசையைத்தான் நான் வலியுறுத்துவேன். முதலில் முகவரியை முடிவு செய்து மாற்றுங்கள், அதற்குப் பிறகு ரெஸ்யூமை அச்சடியுங்கள். முப்பது பிரதி எடுத்த பிறகு முகவரியை மாற்றிவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, காகிதம் வீணாவதைவிட முன்பே கொடுத்துவிட்டு வந்த பிரதிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பழைய முகவரி எப்போதும் புதிய பக்கத்துக்கே அழைத்துப்போகும் என்று நம்பி இருக்கக்கூடாது. விண்ணப்பங்களுக்கு இன்னும் பதில் வராத நேரத்தில் முகவரியைத் தொடவே தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், முன்பு விண்ணப்பித்த இடங்களில் பதிவேற்றியிருக்கும் ரெஸ்யூமையும் சேர்த்து மாற்றுங்கள். மெயிலின் கீழே வரும் கையொப்பத்திலும் பழைய லிங்க் ஒளிந்திருக்கும்.

ரெஸ்யூமில் எந்த இடத்தில், எப்படி எழுதுவது? ‘LinkedIn’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி அதற்குள் லிங்க் வைத்தால் அழகாக இருக்கிறதே?

திரையில் அழகாகத்தான் இருக்கும். அச்சடித்ததும் அந்தச் சொல் மட்டும் காகிதத்தில் நிற்கும். காகிதத்தை விரலால் தட்டினால் எதுவும் திறக்காது. ஆகவே முகவரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். போன் எண், மெயில் முகவரி இருக்கும் இடத்திலேயே, பெயருக்குக் கீழே வையுங்கள்:

```
linkedin.com/in/alaimathi-savarimuthu
```

https:// என்பதும் www என்பதும் எழுத்தில் தேவையில்லை, இப்படி அடித்தாலே திறக்கும். ஆனால் அதற்குள் வைக்கும் இணைப்பில் https:// உடன் முழு முகவரியும் இருக்கட்டும்.

இந்த வரி தனியாக ஒரு வரியில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். போன், மெயில், லிங்க்ட்இன் மூன்றையும் ஒரே வரியில் அடுக்கினால், வரி நிரம்பியதும் முகவரி சிறு கோட்டில் உடைந்து பாதி கீழே இறங்கிவிடும். படிப்பவருக்கு அந்தக் கோடு முகவரியைச் சேர்ந்ததா, வரி உடைந்ததால் வந்ததா என்று தெரியாது. கோடு இல்லாமல் அடித்துப் பார்ப்பார், திறக்காது.

பக்கத்தின் தலைப்புப் பட்டையிலோ அடிப் பட்டையிலோ, அதாவது வேர்டில் ஹெடர், ஃபுட்டர் என்கிறோமே, அங்கே வைக்காதீர்கள். பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள். அதில் சிலவகை அந்தப் பட்டைகளைப் படிக்காமல் விட்டுவிடும். உங்கள் மெயிலும் போனும்கூட அங்கே இருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேர்ட் லிங்க்குக்குத் தானாக நீல நிறமும் அடிக்கோடும் போட்டுவிடும். கறுப்பு வெள்ளை அச்சில் நீலம் வெளிறிய சாம்பலாக வரும், அதை ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மங்கும். கறுப்பாக்கி, அடிக்கோட்டை நீக்கிவிடுங்கள். இணைப்பு அப்படியே இருக்கும். எழுத்தளவு 10 அல்லது 11 போதும். உங்கள் எழுத்துருவில் l என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அச்சுப்பிரதியில் பாருங்கள். டைம்ஸ் நியூ ரோமனில் அப்படித்தான் இருக்கும். முகவரியில் எண் எதுவும் இல்லை என்றால் இந்தக் கவலையே இல்லை.

வேர்டில் பழைய முகவரியை அழித்துப் புதியதை அடித்துவிட்டேன். தட்டினால் பழைய இடத்துக்கே போகிறது. ஏன்?

கடையில் வாரத்துக்கு ஒரு முறையாவது இதைப் பார்க்கிறேன். வேர்டில் ஒரு லிங்க் என்பது இரண்டு அடுக்கு. மேலே கண்ணுக்குத் தெரியும் எழுத்து, அதற்கு அடியில் உண்மையில் போகும் முகவரி. நீங்கள் எழுத்தின் மேல் திருத்தினால் மேலடுக்குதான் மாறுகிறது. அடியில் இருப்பது பழையபடி இருக்கிறது.

நண்பனுடைய ரெஸ்யூமை வாங்கிப் பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் மாற்றி எடுத்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. போன வருடம் ஏர்வாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். ரெஸ்யூமில் அவன் பெயரில் முகவரி சரியாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், அவனுடைய சீனியரின் பக்கம் திறந்தது. அந்த ரெஸ்யூமை அதற்குள் ஆறு இடங்களுக்கு அனுப்பியிருந்தான்.

சரிசெய்வது எளிது. அந்த வரியின் மேல் கர்சரை வைத்து Ctrl+K அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். Text to display என்பது மேலடுக்கு, Address என்பது அடியில் இருப்பது. இரண்டையும் பார்த்து, Address கட்டத்தில் முழு முகவரியை வையுங்கள்:

```
https://www.linkedin.com/in/alaimathi-savarimuthu
```

திறக்காமலேயே சோதிக்க வேண்டுமானால், மவுஸை அந்த வரியின் மேல் கொண்டுபோய்ச் சற்று நிறுத்துங்கள். சின்னப் பெட்டியில் அடியில் இருக்கும் முகவரி தெரியும். மெயில் முகவரிக்கும் இதே கதைதான். அதையும் சேர்த்துப் பாருங்கள், அங்கேயும் நண்பனுடைய மெயில் ஒளிந்திருக்கலாம்.

பிடிஎஃப் ஆக்கினதும் லிங்க் செத்துவிட்டது. தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை.

பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் போய் Microsoft Print to PDF என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது காகிதத்தில் அச்சடிப்பது போலவே செய்யும், அடியில் இருக்கும் இணைப்பை எடுத்துக்கொண்டு போகாது. அதற்குப் பதிலாக Save As போய், கோப்பு வகையில் PDF என்று தேர்ந்தெடுங்கள். கூகுள் டாக்ஸில் அடித்திருந்தால் Download போய் PDF எடுங்கள். இரண்டிலும் இணைப்பு உயிரோடு வரும்.

அச்சடித்த ரெஸ்யூமைப் போனில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்குகிறார்களே, அது வேறு. அதில் லிங்க் மட்டுமல்ல, எழுத்துகூட எழுத்தாக இருக்காது, முழுவதும் ஒரு படம். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அதை அனுப்பாதீர்கள்.

கீழக்கரையிலிருந்து கேட்கிறேன். என் மகள் படத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. லிங்க் போட்டால் படம் தெரியுமா?

தெரியாமல் வைக்கலாம். முகவரியை மாற்றிய அதே பக்கத்தில், யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற பகுதி இருக்கிறது. படத்தை அவருடைய தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும், அல்லது லிங்க்ட்இன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்துவிடலாம். பெயர், தலைப்பு வரி, படிப்பு, வேலை அனுபவம் ஆகியவற்றைத் திறந்து வையுங்கள். படம் இல்லாததால் முகவரி வேலை செய்யாமல் போகாது.

ஆனால் பயத்தில் எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். அந்தப் பகுதியின் உச்சியில் Your profile's public visibility என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்துவிட்டால் லாகின் செய்யாமல் திறப்பவருக்கு உங்கள் பக்கம் தெரியாது. பிறகு ரெஸ்யூமில் அந்த வரி எதற்கு? பொத்தானைத் திறந்து வைத்தாலும்கூட, லாகின் செய்யாதவரிடம் லிங்க்ட்இன் சில நேரம் உள்ளே வரச் சொல்லித் தடுக்கும். அது உங்கள் தவறல்ல, உங்களால் அதை மாற்றவும் முடியாது. ஆள் தேர்வு செய்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் கணக்கில் லாகின் செய்தேதான் இருப்பார்கள்.

பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. லிங்க்கை மட்டும் இப்போதைக்குப் போட்டு வைக்கட்டுமா?

போடாதீர்கள். ரெஸ்யூமில் லிங்க் இல்லாததை யாரும் குறையாக எடுப்பது அரிது. திறந்து பார்த்து வெறும் பெயரும் சாம்பல் நிற வட்டமும் இருந்தால் அது மனத்தில் நிற்கும். படிப்பு, பயிற்சி, செய்த புராஜெக்ட் ஒன்று, இவ்வளவாவது எழுதிவிட்டுப் போடுங்கள். கடல் பாசி வளர்ப்பில் அம்மாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்ததைக்கூட அனுபவமாக எழுதலாம், அது உண்மையான வேலை.

எழுதியதில் வருடங்களை ரெஸ்யூமோடு ஒப்பிடுங்கள். ரெஸ்யூமில் பயிற்சி 2023 ஜூன் என்றும் பக்கத்தில் 2022 என்றும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் எதை நம்புவார்?

கியூஆர் கோடு போட்டால் டைப் செய்யவே வேண்டாமே?

காகிதப் பிரதியில் போடலாம், எழுத்து முகவரிக்கு மாற்றாக அல்ல, கூடுதலாக. ஆன்லைனில் அனுப்பும் பிரதியில் அதற்கு வேலை இல்லை. கணினித் திரையில் இருப்பதைப் படிக்க அவர் இன்னொரு போனை எடுக்க வேண்டும். மென்பொருளுக்கு அது வெறும் படம்.

எல்லாம் முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பது?

மூன்று சோதனை செய்கிறேன். கடையில் ரெஸ்யூம் எடுப்பவர்கள் யாரையும் இது முடியாமல் அனுப்புவதில்லை.

பிடிஎஃப்பை உங்கள் போனில் அல்ல, அப்பாவுடைய போனுக்கோ நண்பருடைய போனுக்கோ அனுப்பித் தட்டுங்கள். உங்கள் கணக்கு லாகின் ஆகாத போனாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வேறு போன் கிடைக்கவில்லை என்றால் பிரவுசரில் மறைநிலைச் சாளரம் திறந்து, முகவரியை அதில் ஒட்டுங்கள்.

பிறகு அச்சுப்பிரதியை உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்தே டைப் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எழுத்து சொல்லக்கூடாது. எங்கள் கடையில் இந்த வேலையை என் மாமியார் செய்கிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அந்த எழுத்தில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை rn என்ற இரண்டு எழுத்தை m என்று அடித்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன், எனக்கும் m ஆகத்தான் தெரிந்தது. எழுத்துருவை மாற்றி மறுபடி அச்சடித்தோம்.

கடைசியாக, பிடிஎஃப்பைத் திறந்து அந்த முகவரியைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்தாலோ, சிறு கோடு இருந்த இடத்தில் நீளக் கோடோ கட்டமோ வந்தாலோ, மென்பொருளும் ஏறக்குறைய அப்படித்தான் படிக்கும். அந்த வரியை அழித்துவிட்டு, காப்பி செய்து ஒட்டாமல் விசைப்பலகையில் நீங்களே புதிதாக அடியுங்கள்.